மார்ச் 15 என்ற தேதி எங்கிருந்து வந்தது?

டெக் லீட் வேலைக்கான நேர்காணலில், கோடிங் சுற்றும் சிஸ்டம் டிசைன் சுற்றும் முடிந்தபிறகு பிஹேவியரல் ரவுண்ட் என்று ஒன்று வரும். அதில் மூன்று கேள்விகள் ஏறக்குறைய தவறாமல் கேட்கப்படுகின்றன. ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் கணித்துச் சொன்ன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்பது ஒன்று. என்ன செய்ய வேண்டும் என்பதே தெளிவில்லாமல் வந்த வேலையை எப்படிக் கையாண்டீர்கள் என்பது இன்னொன்று. நடக்க முடியாத கெடுவை மேலிடம் கொடுத்தபோது என்ன செய்தீர்கள் என்பது மூன்றாவது.

முதன்முதலாக இந்தக் கேள்விகள் என்னிடம் கேட்கப்பட்டபோது, மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பிராஜெக்டுகளிலிருந்து மூன்று கதைகளை எடுத்துச் சொன்னேன். மூன்றிலும் முடிவில் நான்தான் வென்றேன். வேலை கிடைக்கவில்லை. அதன்பிறகு சில ஆண்டுகள் மேசையின் மறுபுறத்தில் உட்கார்ந்து இதே கேள்விகளைக் கேட்டபோதுதான், அன்று என் பதில்களில் என்ன இல்லை என்பது புரிந்தது. கேட்பவர் மூன்று தனித்தனித் திறமைகளைச் சோதிக்கவில்லை. தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதை இந்த மனிதர் எப்போது உணர்ந்தார், அதை யாரிடம் எந்த வடிவில் சொன்னார், அப்படிச் சொன்னபோது எதையாவது மாற்றுவதற்கு இன்னும் நேரம் மிச்சமிருந்ததா என்ற ஒன்றைத்தான் மூன்று பக்கங்களிலிருந்தும் தட்டிப் பார்க்கிறார். ஆகவே மூன்று கதைகளை மேலோட்டமாகத் தயாரிப்பதைவிட, மூன்றும் ஒன்றாகச் சிக்கிக்கொண்ட ஒரே ஒரு வேலையை அதன் எண்களோடும் தேதிகளோடும் நினைவில் மீட்டு வைத்துக்கொள்வது மேல் என்று நான் நினைக்கிறேன். எனக்கு அப்படி அமைந்த வேலையை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை. ஆண்டு விற்றுமுதல் 20 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வணிகர்கள் அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஜிஎஸ்டி ஈ-இன்வாய்ஸ் முறைக்கு வர வேண்டும் என்று மத்திய அரசின் அறிவிக்கை வெளியானது. அதற்குமுன் அந்த வரம்பு 50 கோடியாக இருந்தது. நான் அப்போது மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களில் 23 பேர் 20 கோடிக்கும் 50 கோடிக்கும் இடையில் இருந்தார்கள். மறுநாள் காலை எனக்கு ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: ஈ-இன்வாய்ஸ் வசதியைச் சேர்க்க வேண்டும், மார்ச் 15-க்குள் தருவதாக வாடிக்கையாளர்களிடம் சொல்லியாகிவிட்டது.

ஈ-இன்வாய்ஸ் என்றால் என்ன என்பதை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வணிகர் இன்னொரு வணிகருக்குப் போடும் பில்லின் விவரங்களை, வாங்குபவரிடம் கொடுப்பதற்கு முன்பே, அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அது சரிபார்த்து ஐஆர்என் என்ற 64 எழுத்து அடையாளத்தையும் கையொப்பமிட்ட கியூஆர் கோடையும் திருப்பித் தரும். இந்த எண் இல்லாத பில், இந்த முறைக்குள் வரும் வணிகரைப் பொறுத்தவரை, சட்டத்தின் பார்வையில் பில்லே அல்ல. அனுப்புவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. பில் விவரங்களை ஜேசன் கோப்பாகத் தயாரித்து அரசுத் தளத்தில் கையால் ஏற்றலாம். அல்லது ஜிஎஸ்பி எனப்படும் இடைநிலை நிறுவனம் ஒன்றின் ஏபிஐ வழியாக மென்பொருளே நேராக அனுப்பலாம்.

அந்த ஒரு வரி மின்னஞ்சலிலிருந்து தெளிவின்மை பற்றிய கேள்விக்கு வருகிறேன். நேர்காணலுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில் "பிராடக்ட் மேனேஜரிடம் நிறையக் கேள்விகள் கேட்டேன், மீட்டிங் போட்டோம், டாக்குமென்ட் எழுதினோம்" என்று சொல்வார்கள். அது பொய்யல்ல. ஆனால் அதிலிருந்து எனக்கு எதுவும் தெரிவதில்லை. நான் அடுத்துக் கேட்பது இதுதான்: நீங்கள் கேட்ட கேள்விகளில் எந்தக் கேள்வியின் பதில் வேலையின் அளவையே மாற்றியது? இதற்குப் பதில் சொல்ல முடிந்தவர் உண்மையிலேயே அந்த வேலைக்குள் இறங்கியவர். பதில் சொல்ல முடியாதவர் கேள்வி கேட்பதை ஒரு சடங்காகச் செய்தவராக இருக்கலாம்.

எங்கள் வேலையில் அந்தக் கேள்வி அலுவலகத்தில் பிறக்கவில்லை. அரசுத் தளம் கேட்கும் விவரப் பட்டியலை வைத்துக்கொண்டு நாங்களே பல சிறு ஐயங்களைத் தீர்த்துக்கொண்டோம். உள்நாட்டில் வாங்குபவருக்கு ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் அந்தப் பில்லை அனுப்பவே தேவையில்லை. பில் எண் பூஜ்யத்தில் தொடங்கினால் தளம் ஏற்காது, ஆனால் எங்கள் மென்பொருள் 00457 என்றுதான் எண் போட்டுக்கொண்டிருந்தது. இவையெல்லாம் அரை நாள், ஒரு நாள் வேலைகள். ஆனாலும் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. நாங்கள் தளத்தின் பக்கத்திலிருந்து மட்டுமே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பில் போடுகிறவரின் பக்கத்திலிருந்து யாரும் பார்க்கவில்லை. மார்ச் 2, புதன்கிழமை, ஈரோட்டில் இருந்த ஒரு ஜவுளி மொத்த வியாபாரியின் கடைக்குப் போய், பில் போடும் கணக்கரின் பக்கத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்தேன்.

மாலை ஐந்தரை மணிக்கு அவர் காலையில் போட்ட பில்களைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார். நான் ஏன் என்று கேட்டேன்.

"தம்பி, காலைல பில்லைப் போட்டு லாரில ஏத்தி உட்டுருவோமுங்க. அங்க போனப்பறம் ரெண்டு பேல் வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுவாங்க. சாயங்காலம் லாரி வந்தப்பறந்தானுங்க பில்லு சரியான பில்லு ஆகும்."

பதினைந்து ஆண்டுகளாக எங்கள் மென்பொருளில் இருந்த 'திருத்து' பொத்தான் இதற்காகத்தான் பயன்பட்டது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஈ-இன்வாய்ஸ் முறையில் ஐஆர்என் வாங்கிய பில்லை அந்தத் தளத்தில் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் முழுவதுமாக ரத்து செய்யலாம்; பாதியை மட்டும் ரத்து செய்ய வழியில்லை. ரத்து செய்த பில்லின் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் கூடாது. 24 மணி நேரம் கடந்துவிட்டால், திரும்பிய சரக்கின் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் போட வேண்டும், அதற்கும் தனியாக ஐஆர்என் வேண்டும். அதாவது, அந்தக் கடையில் தினமும் மாலையில் நடக்கும் வேலை ஏப்ரல் 1 முதல் சட்டப்படி நடக்க முடியாத வேலை. நாங்கள் பட்டியலின் கடைசியில், நேரம் இருந்தால் செய்யலாம் என்று வைத்திருந்த 'ரத்தும் கிரெடிட் நோட்டும்' என்ற பகுதி அன்று மாலையே பட்டியலின் நடுவுக்கு வந்தது. திருத்து பொத்தானைப் பூட்ட வேண்டும் என்று எந்த மின்னஞ்சலிலும் எழுதப்படாத தேவை ஒன்றும் சேர்ந்தது.

தேவை தெளிவில்லை என்று நாம் சொல்லும்போது, யாரோ ஒருவருக்குத் தெளிவாகத் தெரிந்ததை நமக்குச் சொல்லவில்லை என்ற குறை பெரும்பாலும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நேர்காணலில் பிராடக்ட் மேனேஜரைக் குறை சொல்லும் பதில்கள் அங்கிருந்துதான் வருகின்றன. இந்த வேலையில் எங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. கணக்கருக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது தேவை அல்ல, சாயங்கால வேலை. திரும்பி வந்ததும் ஒரு பக்கத் தாளில் நாங்கள் எடுத்துக்கொண்ட அனுமானங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை உறுதி செய்ய வேண்டியவரின் பெயரையும் எந்தத் தேதிக்குள் என்பதையும் குறித்தேன். பதில் வராவிட்டால் எழுதியபடியே செய்துவிடுவோம் என்றும் அதில் இருந்தது. இந்தக் கடைசி வாக்கியம் இல்லாத அனுமானப் பட்டியல்கள் யாருடைய இன்பாக்ஸிலாவது உறங்கிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி கணிப்பு. வேலையை ஏழு பகுதிகளாகப் பிரித்தோம்: பில் விவரங்களை ஜேசன் கோப்பாக மாற்றுவது, வாடிக்கையாளர்களின் பழைய தரவில் பின்கோடு, ஜிஎஸ்டி எண், எச்எஸ்என் எனப்படும் சரக்கு வகைக் குறியீடு ஆகியவற்றின் பிழைகளைக் கண்டுபிடிப்பது, ஜிஎஸ்பி இணைப்பு, கியூஆர் கோடோடு அச்சிடுவது, ரத்தும் கிரெடிட் நோட்டும், பல பில்களை ஒரே நேரத்தில் அனுப்பும் திரை, லாரியில் சரக்கு அனுப்பத் தேவைப்படும் ஈ-வே பில்லையும் சேர்த்து எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை நாள், பெரும்பாலும் எத்தனை நாள், மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று O, M, P ஆகிய மூன்று எண்களை எடுத்தோம். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையின் வாய்பாடு இது:

```
E = (O + 4M + P) / 6
(3 + 4*4 + 11) / 6 = 5
```

இரண்டாம் வரியில் இருப்பது ரத்து, கிரெடிட் நோட் பகுதிக்கான எண்கள். நல்லபடியாகப் போனால் 3 நாள், பெரும்பாலும் 4, மோசமானால் 11. வாய்பாட்டைப் பற்றி நேர்காணலில் யாரும் வியக்கப்போவதில்லை. அந்த 11 எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அது எங்கள் கற்பனையில் பிறந்த எண் அல்ல. 2018-இல் ஈ-வே பில் கட்டாயமானபோது எங்கள் குழு அதை இணைத்திருந்தது. அப்போது ரத்து செய்யும் பகுதி மட்டும் 11 நாள் இழுத்தது என்று பழைய டிக்கெட்டுகளில் இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மோசமான நிலைக்கான எண்ணைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் அதை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கேட்டார்கள். எல்லாம் மிக மோசமாகப் போனால் எப்போது முடிப்பீர்கள் என்றும் தனியே கேட்டார்கள். அந்த மோசமான கணிப்பின் சராசரி 48.6 நாள். உண்மையில் ஆனது சராசரியாக 55.5 நாள். அவநம்பிக்கையோடு யோசியுங்கள் என்று கேட்டால்கூட மனிதர்கள் போதிய அளவு அவநம்பிக்கை கொள்வதில்லை. "எப்போதும் என் கணிப்பை இரண்டால் பெருக்கிச் சொல்வேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் இந்தக் குறையை உணர்ந்தவர்கள்தான். ஆனால் இரண்டால் பெருக்கிய எண்ணை அடுத்த மேசையில் இருப்பவர் இரண்டால் வகுத்துவிடுவார், ஏனென்றால் அந்த இரண்டுக்குக் காரணம் எதுவும் இல்லை. 2018-இல் 11 நாள் ஆனது என்பதை யாராலும் வகுக்க முடியாது.

ஏழு பகுதிகளின் 'பெரும்பாலும்' எண்களை மட்டும் கூட்டினால் 35 வந்தது. வாய்பாட்டின் எண்களைக் கூட்டினால் 40. இந்த ஐந்து நாள் வித்தியாசம் நாங்களாகக் கூட்டிக்கொண்டது அல்ல. வேலை சீக்கிரம் முடிவதற்கு ஓர் எல்லை உண்டு. இழுப்பதற்கு எல்லை இல்லை. அந்தச் சாய்வு ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. இந்த முறையின் குறையையும் நானே சொல்லிவிடுவது வழக்கம். பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தாமதமாகும் என்று அது கருதுகிறது. உண்மையில் ஜிஎஸ்பி நிறுவனம் எங்களுக்குச் சோதனைக் கணக்கைத் தர ஒரு வாரம் தாமதித்தால், இணைப்பு, அச்சு, ரத்து ஆகிய மூன்றும் ஒன்றாகவே தாமதமாகும். அப்போது 40 என்ற எண் காப்பாற்றாது. ஆகவே அந்த ஒரு ஆபத்தை எண்ணுக்குள் புதைக்காமல், தனியாக வெளியே எழுதி வைத்தேன்.

40 நாள் வேலை என்றால் 40 நாள் கழித்து முடியும் என்று பொருளல்ல என்பதை டெவலப்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நேர்காணலில் பாதிப் பேர் இங்கே நின்றுவிடுகிறார்கள். மார்ச் 3 முதல் 31 வரை 21 வேலை நாட்கள் இருந்தன. என்னையும் சேர்த்து மூன்று பேர். ஆக 63 ஆள்-நாட்கள். ஆனால் முந்தைய மூன்று மாத டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்ததில், எங்கள் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் புதிய வேலைக்குப் போயிருந்தது. மிச்சம் சப்போர்ட் அழைப்புகள். மார்ச் நிதியாண்டின் இறுதி மாதம், அழைப்புகள் குறையப்போவதில்லை. எனவே கையில் இருந்தது 31 நாள், தேவைப்பட்டது 40. மார்ச் 15-க்கு முன்னால் என்றால் 8 வேலை நாட்கள், அதாவது 12 ஆள்-நாட்கள் மட்டுமே.

மூன்றாவது கேள்வி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எனக்கு வேலை தராத அந்த நேர்காணலில் இதே கதையை நான் எப்படிச் சொன்னேன் என்றால், "மார்ச் 15-க்குள் முடியாது என்று டைரக்டரிடம் உறுதியாகச் சொன்னேன், முதலில் கோபப்பட்டார், பிறகு ஒப்புக்கொண்டார்" என்று சொன்னேன். கேட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மார்ச் 15 என்பது அவருக்கு ஏன் முக்கியமாக இருந்தது?" உண்மையில் எனக்கு அதற்கு விடை தெரியும். அதைக் கதையில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வீரக் கதையில் எதிராளியின் காரணத்துக்கு இடம் இருப்பதில்லை.

நடந்தது இது. மார்ச் 4 காலை, ஏழு பகுதிகளின் தாளோடு டைரக்டரின் அறைக்குப் போனேன். முடியாது என்று தொடங்கவில்லை. "சார், ஏப்ரல் ஒண்ணு அரசாங்கத்தோட தேதி, அதை நாம தள்ள முடியாது. மார்ச் 15 எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா, அதுக்கு எது அவசியம்னு பார்த்துச் செய்யலாம்" என்றேன்.

"கடைக்காரங்கதான் கேட்டாங்க. ஏப்ரல் ஒண்ணாம் தேதி புது முறைல பில் போடணும்னா, பசங்களுக்கு ரெண்டு வாரமாவது பழக்கணும்ல? நான் பின்னாடி எண்ணிப் பார்த்து 15-ன்னு சொல்லிட்டேன்."

அதற்குப்பின் பேச வேண்டியது மிகவும் குறைந்துவிட்டது. ஏப்ரல் 1 சட்டத்தின் கெடு, அதைத் தவறவிட்டால் வாடிக்கையாளரின் பில் செல்லாது. மார்ச் 15 பழகுவதற்கான கெடு. பழகுவதற்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டியதில்லை. திருத்து பொத்தான் பூட்டப்பட்டு, பில்லை ஜேசன் கோப்பாக மாற்றித் தரும் புதிய பில் திரையும், தரவில் எந்தெந்த வாடிக்கையாளரின் பின்கோடும் மாநிலமும் பொருந்தவில்லை என்ற பட்டியலும் இருந்தால் போதும். பட்டியலைத் திருத்துவதற்குக் கடைக்காரர்களுக்குத்தான் உண்மையில் இரண்டு வாரம் தேவை. இந்த இரண்டும் எங்கள் தாளில் முதல் இரண்டு பகுதிகள். ஜேசன் மாற்றத்துக்கு 7 நாள், தரவுச் சோதனைக்கு 5 நாள், கூட்டினால் 12. மார்ச் 15-க்கு முன்னால் எங்களிடம் இருந்ததும் 12.

சரியாகப் பொருந்துகிறதே என்று அந்தத் தேதியை ஒப்புக்கொள்ளத் தோன்றும். ஆனால் 12 என்பது சராசரி. சராசரியும் கையிலிருப்பும் சமமாக இருந்தால், நேரத்துக்கு முடிப்பதும் தவறவிடுவதும் காசைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். மார்ச் 15 என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு, 18 வெள்ளிக்கிழமை என்றால் நான் நம்பிச் சொல்வேன் என்றேன். மூன்று வேலை நாட்கள் கூடுதலாகக் கிடைத்தால் கையிருப்பு 12-லிருந்து 16-க்கு மேல் போகும். பழக்குவதற்கு அப்போதும் பதின்மூன்று நாட்கள் இருக்கும். அவர் 18-ஐ ஏற்றுக்கொண்டார்.

ஏப்ரல் 1-க்கு அதன்பிறகும் 40-க்கு 31 என்ற இடைவெளி மிச்சமிருந்தது. பல பில்களை ஒன்றாக அனுப்பும் திரை 6 நாள், ஈ-வே பில் இணைப்பு 8 நாள். இவ்விரண்டையும் ஏப்ரலுக்குத் தள்ளினால் 26 நாளில் நிற்கும். தள்ளுவதால் யாருக்கு என்ன துன்பம் என்பதையும் நானே சொன்னேன்: கடைக்காரர் ஈ-வே பில்லை இப்போது போலவே தனியாக எடுக்க வேண்டியிருக்கும், பில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்ப வேண்டியிருக்கும். எரிச்சல்தான், ஆனால் சட்டவிரோதம் இல்லை. ஜிஎஸ்பி இணைப்பு தாமதமானால், மார்ச் 18-க்குத் தயாராகும் ஜேசன் கோப்பைக் கடைக்காரரே தளத்தில் ஏற்றி, பில்லை அங்கேயே அச்சிட்டுக்கொள்ளலாம். ஏழு பகுதிகளில் ஜேசன் மாற்றத்தை முதலில் வைத்ததற்கு உண்மையான காரணம் இதுதான். அந்த ஒன்று முடிந்துவிட்டால், பிறகு எது தவறினாலும் ஏப்ரல் 1 தவறாது. டைரக்டர் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துத் தரட்டுமா என்றும் கேட்டார். எங்கள் பில் அட்டவணைகளைப் புரிந்துகொள்ளவே ஒருவருக்கு இரண்டு வாரம் பிடிக்கும், அதுவும் எங்களில் ஒருவர் கூட இருந்து சொல்லித்தர வேண்டும் என்பதால் வேண்டாம் என்றேன். டெவலப்பருக்குப் பதில் சப்போர்ட் அழைப்புகளை எடுக்க ஒருவரை மார்ச் முழுவதும் தரச் சொன்னேன். கிடைத்தார்.

மறுத்துப் பேசுவது பற்றிய கேள்விக்கு இன்னொரு வால் உண்டு. உங்கள் கருத்தை ஏற்கவில்லை என்றால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பார்கள். அமேசான் தன் தலைமைக் கோட்பாடுகளில் ஒன்றாக, உடன்படாவிட்டால் சொல், முடிவான பிறகு முழுமனதோடு நில் என்பதை எழுதி வைத்திருப்பது பலருக்கும் தெரியும். அதையே மனப்பாடமாகச் சொல்லிவிட்டு வருபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைவிடப் பயன்படுவது, முடிவு உங்களுக்கு எதிராகப் போன ஒரு சிறிய நிகழ்வு. இந்த வேலையிலேயே எனக்கு ஒன்று இருந்தது. கியூஆர் கோடு அச்சை எங்கள் பழைய டாட் மேட்ரிக்ஸ் வார்ப்புருவில் தர வேண்டாம், லேசர் பிரின்டருக்கு மட்டும் தருவோம் என்றேன். பழைய பிரின்டர் வைத்திருப்பவர்கள் பலர் என்று டைரக்டர் மறுத்தார். நான் ஒரு நாள் கூடும் என்று தாளில் எழுதிக் காட்டிவிட்டுச் செய்தேன். அவர் சொன்னதுதான் சரி என்று ஏப்ரலில் தெரிந்தது. இதை நேர்காணலில் சொல்வதால் மதிப்பு குறைவதில்லை.

மார்ச் 18 அன்று முதல் இரண்டு பகுதிகள் போய்ச் சேர்ந்தன. ஜேசன் மாற்றத்துக்கு 7 என்று சொல்லி 8 நாள் ஆனது. மார்ச் 31 மாலை மற்ற மூன்றும் தயாராக இருந்தன. 23 பேரில் 4 பேருக்கு ஜிஎஸ்பி பதிவு முடியவில்லை. அவர்கள் இரண்டு வாரம் கோப்பை ஏற்றியே பில் போட்டார்கள். ஈரோட்டுக் கணக்கர் முதல் வாரம் தினமும் தொலைபேசியில் அழைத்து, திருத்து பொத்தான் எங்கே போயிற்று என்று கேட்டார்.

இரண்டாவது முறை இந்தக் கதையை வேறொரு நிறுவனத்தில் சொன்னபோது, கேட்டவர் நான் எதிர்பார்த்த எந்த இடத்திலும் நிறுத்தவில்லை. ரத்துப் பகுதிக்கு 5 நாள் என்றீர்களே, உண்மையில் எத்தனை ஆயிற்று என்றார். ஒன்பது என்றேன். ஒரு பில்லுக்கு ஈ-வே பில் உயிரோடு இருந்தால் அதன் ஐஆர்என்னை ரத்து செய்ய தளம் விடாது, முதலில் ஈ-வே பில்லை ரத்து செய்ய வேண்டும். ஈ-வே பில்லை ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டோம் என்ற நிம்மதியில் அது இந்தப் பகுதிக்குள்ளும் நுழையும் என்பதை நான் கவனிக்கவில்லை.

"ஐந்தைத் தாண்டும் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"மூன்றாம் நாள் மதியம்."

"டைரக்டருக்கு?"

"அன்று மாலை. ஒன்பது வரை போகலாம், கையில் மிச்சமிருக்கும் நாட்கள் அதோடு தீர்ந்துவிடும் என்று எழுதி அனுப்பினேன்."

அவர் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.